மூணாவது வண்டியில தண்ணி ஊத்திட்டாங்க, நான் வேணாம்னு சொன்னது யார் காதுலயும் விழலை (வேலூர் சைட்)

காட்பாடி_சிவில் | செவ்வாய், இரவு 9.40

ஏழு மாசமா காட்பாடி பக்கம் ஒரு குடியிருப்புக் கட்டடத்துல சைட் இன்ஜினியரா இருக்கேன். சின்ன கம்பெனி. சைட்ல நான், எனக்குக் கீழ டிப்ளமோ முடிச்ச சூப்பர்வைசர் தம்பி ஒருத்தன், மேஸ்திரி, அவரோட கான்கிரீட் ஆளுங்க. கம்பி கட்டறது ஒடிசா பசங்க. அவங்களோட எனக்குப் பிரச்சினையே இல்லை, சொன்னா பிரிச்சுக் கட்டிடுவாங்க. பிரச்சினை நம்ம ஊர் ஆளுங்களோடதான்.

போன சனிக்கிழமை இரண்டாவது மாடி தளம் போட்டோம். எம் 25, 24 கன மீட்டர், ஆறு ஆறா நாலு வண்டி. ஆர்எம்சி ராணிப்பேட்டை பக்கத்துல இருந்து வருது. முதல் வண்டி ஸ்லம்ப் 120, இரண்டாவது 110. மூணாவது வண்டி கிரீன் சர்க்கிள்லயும் காட்பாடி மேம்பாலத்துலயும் மாட்டிக்கிச்சு. சீட்டுல லோடு ஆன நேரம் 10.35, எங்க கேட்டுக்கு வந்தது 12.15. மே மாச வெயில், வேலூர் வெயில் பத்தி இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கோன் வெச்சுப் பார்த்தேன், 70 தான் நின்னுச்சு.

பம்ப் ஆப்பரேட்டர் "இது லைன்ல போகாது"ன்னார். நான் பிளான்ட்டுக்குப் போன் போட்டுக்கிட்டு இருக்கேன். மேஸ்திரி என்னைப் பார்க்கவே இல்லை. டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினார், டிரைவர் ஹோஸைத் திறந்துட்டார். நான் ஓடிப்போய் நிறுத்துங்கன்னேன். மேஸ்திரி சிரிச்சுக்கிட்டே, "மேடம் நீங்க நிழலாண்ட போயி உக்காருங்க, வெயில்ல மயக்கம் கியக்கம் வந்துடப் போவுது"ன்னார். அப்புறம் எனக்குப் பின்னாடி நின்ன சூப்பர்வைசர் தம்பியைப் பார்த்து, "இன்னா தம்பி, ஊத்தலாமா?" அவன் தலையாட்டினான். என்னைவிட மூணு வயசு சின்னவன், என் கீழ வேலை பார்க்கறவன்.

பிராஜெக்ட் மேனேஜருக்குப் போன் போட்டேன். "வேலையை நிறுத்தாதம்மா, அப்புறம் பேசிக்கலாம்." அவ்வளவுதான்.

டெலிவரி சீட்டுல "சைட்டில் தண்ணீர் சேர்க்கப்பட்டது, சுமார் 100 லிட்டர், என் அனுமதி இல்லாமல்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்ப மேனேஜர் "ஏன் எழுதின, ஓனர் பார்த்தா என்ன ஆவும்"னு ரெண்டு நாளா முகம் கொடுத்துப் பேசலை.

சாயங்காலம் ஒரு சித்தாள் அக்கா கிட்ட வந்து மெதுவா சொன்னாங்க: "நேத்தே பேசி வெச்சிக்கினாங்கம்மா. அந்தப் பொண்ணு நாளைக்கும் கோனைத் தூக்கிக்கினு வரும், என்னா பண்ணுதுன்னு பாக்கலாம்னு."

ரெண்டு கேள்வி. ஒண்ணு, அந்தத் தளம் என்ன நிலைமையில இருக்கும்? ரெண்டு, அடுத்த தளத்துக்கு நான் எப்படி நிக்கறது?

சிப்காட்_பிட்டர் | செவ்வாய், இரவு 10.05

குரலை உயர்த்துங்க மேடம். நான் இருக்கற பேக்டரியிலயும் புதுசா ஒரு பொண்ணு வந்தாங்க, மெதுவாப் பேசுவாங்க, எவனும் மதிக்கலை. ஒரு நாள் ஒருத்தனை எல்லார் முன்னாடியும் கிழிச்சு விட்டாங்க, அதோட சரி. தொழிலாளிங்க கத்தறவங்களுக்குத்தான் பயப்படுவாங்க.

பாலாற்று_மணல் | செவ்வாய், இரவு 10.30

100 லிட்டர் ஒரு மேட்டரே இல்லைங்க. வெயில்ல தண்ணி ஆவியாப் போயிடுது, போனதைத் திருப்பி ஊத்தறாங்க, கணக்கு சமம். அமெரிக்கக் கோடுலயே சைட்ல தண்ணி சேர்க்க அனுமதி இருக்கு. ஏ.எஸ்.டி.எம். சி 94 எடுத்துப் பாருங்க. மேஸ்திரிங்க அனுபவத்துல செய்யறதை எல்லாம் புத்தகத்தை வெச்சுத் தடுக்கக் கூடாது.

இருபது_வருஷ_சைட் | செவ்வாய், இரவு 11.50

நான் 2004-ல இருந்து சைட்ல இருக்கேன், இப்போ தரக்கட்டுப்பாடு. பொம்பளைதான். முதல்ல தளத்தைப் பேசிடலாம், ஆளுங்களை அப்புறம் பேசலாம்.

தங்கச்சி, நாலு விஷயம் சொல்லுங்க. 100 லிட்டர்னு எப்படித் தெரியும்? ஊத்தினதுக்கு அப்புறம் ஸ்லம்ப் எடுத்தீங்களா? கியூப் எந்த வண்டியில இருந்து போட்டாங்க? மூணாவது வண்டி தளத்துல எந்தப் பகுதிக்குப் போச்சு?

பாலாற்று மணல் தம்பிக்கு: சி 94-ல அனுமதி இருக்கறது உண்மை. ஆனா பிளான்ட்லயே டிசைன் தண்ணியில கொஞ்சத்தைப் பிடிச்சு வெச்சுட்டு அனுப்பினா, அந்தப் பிடிச்சு வெச்ச அளவுக்குள்ள மட்டும்தான் சேர்க்கலாம். சேர்த்த பிறகு டிரம்மை வேகமா 30 சுத்து சுத்தணும். நம்ம ஊர்ல முழுத் தண்ணியும் பிளான்ட்லயே போயிடுது, மேல ஊத்தறது எல்லாம் டிசைனுக்கு வெளிய. அப்புறம் ஆவியானதைத்தான் திருப்பி ஊத்தறோம்ங்கறது பாதிதான் சரி. டிரம்முக்குள்ள இருக்கற கான்கிரீட்ல பெரும்பாலும் தண்ணி வெளிய போகலை. சிமென்ட் வேலை செய்ய ஆரம்பிச்சதாலயும் அட்மிக்ஸர் வீரியம் குறைஞ்சதாலயும்தான் இறுகுது. தண்ணி உள்ளயே இருக்கு, நீங்க இன்னும் ஊத்தறீங்க.

ஒழுகும்_தளம் | புதன், காலை 6.15

எங்க வீட்டுத் தளமும் சத்துவாச்சாரியில மூணு வருஷமா ஒழுகுது. தண்ணி அதிகமா ஊத்தினதாலதான்னு இப்பத்தான் புரியுது. மேல தார் ஷீட் போட்டா நிக்குமா? சதுர அடி என்ன ரேட்டு?

காட்பாடி_சிவில் | புதன், காலை 7.10

அக்கா, வண்டியோட தண்ணி டேங்க் பக்கத்துல கண்ணாடிக் குழாய் மாதிரி ஒண்ணு நிக்கும் இல்லையா, அதுல கோடு போட்டிருக்கும். வண்டி நின்னப்ப ஒரு கோட்டுல இருந்தது, ஹோஸை மூடினப்ப ஒரு கை அகலம் கீழ இறங்கி இருந்தது. கோட்டை எண்ணினா 100 வருது. கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம்.

அப்புறம் ஸ்லம்ப் எடுக்க விடலை. கோனைத் தூக்கிக்கிட்டுப் போனேன், அடித்தட்டு காணோம். மேஸ்திரி பையன் அதுல சிமென்ட் பால் கலக்கிக்கிட்டு இருந்தான். ஆனா பார்த்தாலே தெரிஞ்சுது. மொதல் வண்டி கொட்டினப்ப குவிஞ்சு மெதுவா நகர்ந்தது. இது கொட்டின உடனே பால் தனியா முன்னாடி ஓடிச்சு, ஜல்லி பின்னாடி தங்கிடுச்சு. முக்கால் மணி நேரத்துல மேல தண்ணி மினுமினுன்னு நின்னுச்சு.

கியூப் ஒன்பது, மூணு செட். ஒன்பதையும் தம்பி முதல் வண்டியிலயே போட்டு முடிச்சுட்டான். மூணாவது வண்டி நடு ஹால் பாதி, தெற்குப் பக்கத்து பெட்ரூம், பால்கனி.

இருபது_வருஷ_சைட் | புதன், காலை 8.20

எதிர்பார்த்தேன். 24 கன மீட்டருக்கு மூணு சாம்பிள், ஐ.எஸ். 456-படி எண்ணிக்கை சரி. மூணையும் ஒரே வண்டியில எடுத்தா அது ஒரே சாம்பிள்தான். உங்க 28 நாள் ரிசல்ட் அருமையா வரும், பாருங்க. அந்தப் பேப்பரை வெச்சுக்கிட்டு மேஸ்திரி, "மேடம் அன்னிக்கு எகிறிக் குதிச்சாங்களே, ரிசல்ட் பாஸ் ஆயிருச்சே"ம்பார். அந்தக் கியூபுக்கும் மூணாவது வண்டிக்கும் சம்பந்தமே இல்லைன்னு இப்பவே எழுதி வெச்சுக்குங்க.

இனி கணக்கு. சீட்டுல சிமென்டும் தண்ணியும் எவ்வளவுன்னு போட்டிருக்கும், பாருங்க. பொதுவா இந்த கிரேடுக்கு 340 கிலோ சிமென்ட், 153 லிட்டர் தண்ணி மாதிரி இருக்கும், அதாவது விகிதம் 0.45. நூறு லிட்டரை ஆறு கன மீட்டர்ல பிரிச்சா ஒரு மீட்டருக்கு 17 லிட்டர் கிட்ட. 170 ஆயிடுச்சு, விகிதம் 0.50. எம் 25-க்கு பிளான்ட் 25-க்கு டிசைன் பண்றது இல்லை, 31.6-ஐக் குறி வெச்சுத்தான் பண்ணும். அந்த இடைவெளி தப்பு நடந்தா தாங்கறதுக்குத்தான் வெச்சிருக்கு. 0.50-ல அந்த இடைவெளியில பாதியோ அதுக்கு மேலயோ போயிருக்கும், ஆனா 25-க்குக் கீழ போயிருக்க வாய்ப்பு கம்மி. ஆக, தளம் விழாது, பயப்படாதீங்க. மேல் பரப்பு பலவீனமா, புழுதி விடற மாதிரி இருக்கலாம். சுருங்கற வெடிப்பு வரலாம். மேல கை வெச்சுத் தேய்ச்சுப் பாருங்க.

என் கவலை தண்ணி இல்லை, ரெண்டு மணி நேரக் கணக்கு. ஐ.எஸ். 4926 லோடு ஆனதுல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள இறக்கணும்னுது, ரிடார்டர் போட்டிருந்தா பேசிக் கூட்டிக்கலாம். உங்களுக்கு 12.35-க்கு முடியுது. எத்தனை மணிக்குப் பம்ப் முடிஞ்சுது?

இன்னொண்ணு, பால்கனி. அதுல மெயின் கம்பி மேல இருக்கணும். கான்கிரீட் போடறப்ப ஆளுங்க மிதிச்சுக் கீழ இறக்கிடுவாங்க. கம்பிக்கு அடியில சேர் போட்டிருந்தீங்களா?

அணைக்கட்டு_மேஸ்திரி_மகன் | புதன், காலை 9.00

என் பேர்லயே இருக்கு, எங்க நைனா மேஸ்திரி. நானும் எட்டு வருஷம் கான்கிரீட் ஆளுங்களோட போனவன், இப்ப லேபர் கான்ட்ராக்ட் எடுக்கறேன். திட்டுவீங்க, இருந்தாலும் சொல்றேன்.

தண்ணி ஊத்தறது தப்புன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. மேல தளம் ஒழுகுதுன்னு எழுதின வீட்டுக்காரர் கூட சொல்றார், எங்களுக்குத் தெரியாமலா? எங்களுக்குக் கூலி கன மீட்டருக்கு. 70 ஸ்லம்ப்ல லைன் அடைச்சா என்னா ஆவும்? பைப்பைக் கழட்டணும், தட்டணும், ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரத்துக்கு 14 ஆளுக்குக் கூலி எங்க நைனா பாக்கெட்ல இருந்து. நாலாவது வண்டி கேட்டாண்ட நின்னு அதுவும் இறுகும். ஏற்கெனவே போட்ட பக்கம் செட் ஆயிடும், சந்துல ஜாயின்ட் விழும், அதுக்கும் மேடம் எங்களைத்தான் கேப்பாங்க. ஒரு ஹோஸைத் திறந்தா இது எல்லாம் முடிஞ்சுது. பிளான்ட்டுக்குப் போன் போட்டா "டெக்னீஷியனை அனுப்பறோம்"பான், வர மாட்டான்.

சோதனை பண்றதும் உண்மைதான். புது இன்ஜினியர் யார் வந்தாலும் பண்ணுவோம். ஆம்பளைப் பசங்களை டியூப் லெவல்ல காத்துக் குமிழி விட்டுட்டு மட்டம் பாக்கச் சொல்லுவோம். பாத்துட்டு "சரி"ன்னா அன்னியோட அவன் காலி. குமிழியைக் கண்டுபிடிச்சான்னா டீ வாங்கித் தருவோம். மேடத்துக்கு மட்டும் பண்றது இல்லை.

இருபது_வருஷ_சைட் | புதன், காலை 9.40

அணைக்கட்டு தம்பி, நேர்மையாச் சொன்னீங்க, கோவமே இல்லை. ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தப் பையன் குமிழியைக் கண்டுபிடிச்ச அடுத்த நாள் அவனை மறுபடி சோதிச்சீங்களா?

அணைக்கட்டு_மேஸ்திரி_மகன் | புதன், காலை 9.55

இல்லை. ஒருவாட்டிதான்.

இருபது_வருஷ_சைட் | புதன், காலை 10.10

எனக்கு ஒவ்வொரு சைட்டுக்கும், ஒவ்வொரு மேஸ்திரிக்கும், சில சமயம் ஒவ்வொரு தளத்துக்கும் நடந்திருக்கு. வித்தியாசம் அங்கதான். ஆம்பளைக்கு அது நுழைவுத் தேர்வு, எங்களுக்கு அட்டெண்டன்ஸ்.

அப்புறம் நீங்க சொன்னதுல இன்னொண்ணு. உங்க நைனாவுக்குக் கணக்குப்படி தண்ணி லாபம். அந்தக் கணக்கை மாத்தாம அந்தப் பொண்ணு எவ்வளவு கத்தினாலும் ஹோஸ் திறக்கும். ஆம்பளை இன்ஜினியர் கத்தினாலும் திறக்கும், என்ன, அவர் டீ குடிக்கப் போன நேரமாப் பார்த்துத் திறப்பாங்க. இவங்களுக்கு எதிரேயே திறந்தாங்க.

சட்டம்_தெரிஞ்சவன் | புதன், மதியம் 12.30

இதுல யோசிக்க என்ன இருக்கு? 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்துல புகார் கொடுங்க. பத்துப் பேருக்குக் கீழன்னா கலெக்டர் ஆபீஸ் மூலமா உள்ளூர்க் கமிட்டி இருக்கு. மூணு மாசத்துக்குள்ள கொடுக்கணும்.

ஆம்பூர்காரி | புதன், மதியம் 1.15

சட்டம் அண்ணா, கமிட்டி, மூணு மாசம் எல்லாம் சரி. ஆனா அந்தச் சட்டம் பாலியல் ரீதியா நடக்கறதுக்கு. "நிழல்ல போய் உக்காரு"ன்னதை அதுல போட முடியாது, போட்டா நிக்காது. நாளைக்கு நிஜமாவே அந்த மாதிரி ஒண்ணு நடந்தா, "இது ஏற்கெனவே புகார் கொடுக்கற கேஸு"ன்னு சொல்லிடுவாங்க.

நான் கட்டடம் இல்லை, ஷூ கம்பெனியில குவாலிட்டி. (ஆம்பூர் இப்ப திருப்பத்தூர் மாவட்டம்னு யாரும் வராதீங்க, எங்களுக்கு இன்னும் வடாற்காடுதான்.) எங்க லைன்ல தையல் எல்லாம் பொண்ணுங்க, சோல் ஒட்டற பக்கம் ஆம்பளைங்க. பசை ரெண்டு கோட் அடிக்கணும், முதல் கோட் காயணும். டார்கெட்டுக்காக காயறதுக்கு முன்னாடியே ரெண்டாவதை அடிச்சுடுவாங்க. நான் சொன்னப்ப லைன் லீடர், "பாப்பா, நான் ஒட்டின சோல் ஜெர்மனில நடக்குது"ன்னார். வாதாடலை. அடுத்த நாள் ஆறு ஜோடி எடுத்து இடுக்கியால முனையைப் பிடிச்சு இழுத்தேன். ரெண்டு சோல் தோல் தூள்கூட ஒட்டாம வழுவழுன்னு கழண்டுச்சு. நல்லா ஒட்டியிருந்தா தோலோட நார் பிய்ஞ்சுக்கிட்டு வரணும். அந்த ரெண்டையும் அவர் டேபிள்ல வெச்சுட்டு ஒண்ணும் பேசாம வந்துட்டேன். உங்க வேலையில அந்த மாதிரி இழுத்துக் காட்டற சோல் எதாவது உண்டா?

சிப்காட்_பிட்டர் | புதன், மதியம் 1.40

சரி, கத்தறது மட்டும் போதாதுன்னு ஒத்துக்கறேன். ஆனா கத்தவே கூடாதுன்னும் சொல்லாதீங்க.

காட்பாடி_சிவில் | புதன், இரவு 9.15

சேர் போட்டிருந்தோம் அக்கா. பால்கனிக்கு நானே நின்னு பார்த்தேன், பலகை மேலதான் நடக்க விட்டேன். அதுல மட்டும் ஒடிசா பசங்க என் பக்கம். பம்ப் முடிஞ்சது 12.55. சீட்டுல 340-ம் 153-ம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு. மேல் பரப்பைத் தேய்ச்சேன், நடு ஹால்ல விரல்ல வெள்ளையா ஒட்டுது, மத்த இடத்துல இல்லை. பெட்ரூம்ல மெல்லிசா ரெண்டு வெடிப்பு, கம்பி ஓடற திசையில.

ஆம்பூர் அக்கா, இழுத்துக் காட்டற சோல் எங்களுக்கு கோர். தளத்துல வட்டமாத் துளைச்சு எடுத்துப் பிரஸ்ல வெக்கறது. மேனேஜர்கிட்டக் கேட்டேன். "நீயே தளத்துல ஓட்டை போடச் சொல்றியா?"ன்னார்.

இன்னொண்ணு எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். சைட்ல டாய்லெட் இல்லை. ஆம்பளைங்களுக்கு அது பிரச்சினையே இல்லை. நானும் சித்தாள் அக்காங்களும் மூணாவது வீட்டுப் பாட்டி வீட்டுக்குத்தான் போகணும். அதனால காலையில இருந்து தண்ணி குடிக்க மாட்டேன். சனிக்கிழமை 12 மணிக்கு எனக்கு நிஜமாவே தலை சுத்திக்கிட்டு இருந்தது. மேஸ்திரி "மயக்கம் வந்துடும்"னு சொன்னப்ப வலிச்சது அதனாலதான்.

இருபது_வருஷ_சைட் | வியாழன், காலை 6.00

டாய்லெட்டை மேனேஜர்கிட்ட எழுத்துல கேளுங்க. அது சலுகை இல்லை, 1996 கட்டடத் தொழிலாளர் சட்டத்துலயே இருந்த விஷயம். உங்களுக்காகன்னு மட்டும் கேக்காதீங்க, சித்தாள்களையும் சேர்த்துக் கேளுங்க. அவங்கதான் உங்களுக்கு அந்தச் சேதியைச் சொன்னவங்க.

கம்பி மேலயே ஓடற வெடிப்பு, இளசா இருக்கறப்ப கான்கிரீட் கீழ இறங்கினதால வர்றது. தண்ணி அதிகமான தளத்துல சகஜம். அகலத்தை அளந்து, தேதி போட்டுப் போட்டோ எடுத்து வைங்க. கோர் எடுக்க இப்ப அவசரம் இல்லை, 28 நாள் ஆகட்டும். ஹாமர் அடிச்சுப் பார்க்கலாம்னு யாராவது சொல்லுவாங்க. அது மேல் தோலோட கெட்டித்தனத்தைத்தான் சொல்லும். முதல் வண்டிப் பகுதியிலயும் மூணாவது வண்டிப் பகுதியிலயும் தளத்துக்கு அடிப்பக்கம் அடிச்சு ஒப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் பெருசா இருந்தா கோர் கேக்க உங்க கையில ஒரு காரணம் இருக்கும்.

இப்போ அடுத்த தளம். நான் சொல்றது எல்லாம் கான்கிரீட் வர்றதுக்கு முந்தின நாளே முடியணும். வண்டி வந்து நின்ன பிறகு நீங்க என்ன சொன்னாலும் அது சண்டைதான், 14 பேர் வேடிக்கை பார்ப்பாங்க.

பிளான்ட்டுக்கு நேரா போங்க, போன் வேணாம். காட்பாடிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்னு சொல்லி, ஸ்லம்ப் நிக்கற மாதிரி அட்மிக்ஸர் மாத்தச் சொல்லுங்க. அவங்க டெக்னீஷியன் அட்மிக்ஸர் கேனோட உங்க சைட்ல நிக்கணும், நின்னாத்தான் ஆர்டர்னு சொல்லுங்க. விடியக்காலை ஆரம்பிங்க. கியூப் வண்டிக்கு வண்டி, நடு லோடுல இருந்து, நீங்களே போடுங்க. ஒவ்வொரு வண்டியும் கேட்டுக்கு வந்த உடனே தண்ணி டேங்க் குழாயைப் போட்டோ எடுங்க. யாரையும் மிரட்ட வேணாம், டிரைவர் கண்ணுல படற மாதிரி எடுத்தாப் போதும்.

கடைசியா, முந்தின நாள் சாயங்காலம் மேஸ்திரியோட தனியாப் பேசுங்க. ஆளுங்க முன்னாடி வேணாம். "லைன் அடைச்சா ஆளுங்க சும்மா நிக்கற நேரத்துக்குக் கம்பெனி கூலி தரும்"னு மேனேஜர்கிட்ட வாங்கிட்டுப் போங்க. அதைக் கையில வெச்சுக்கிட்டுப் போனாத்தான் அவர் உக்காந்து கேப்பார்.

அணைக்கட்டு_மேஸ்திரி_மகன் | வியாழன், காலை 7.30

இது கரெக்ட். சும்மா நிக்கற கூலி தர்றேன்னு ஒரு இன்ஜினியர் என் வாழ்க்கையில சொன்னது இல்லை.

பாலாற்று_மணல் | வியாழன், காலை 8.00

இவ்வளவு பண்ணினா செலவு எங்கயோ போயிடும். சின்ன கம்பெனியில நடக்காது.

காட்பாடி_சிவில் | 24 நாள் கழிச்சு, ஞாயிறு, மாலை 6.30

நேத்து மூணாவது மாடி தளம் போட்டாச்சு. நடந்ததை அப்படியே எழுதறேன்.

சும்மா நிக்கற கூலிக்கு மேனேஜர் ஒத்துக்கலை. "ஒரு மணி நேரம் வரைக்கும் பாத்துக்கலாம்"னு இழுத்தார். அதையே மேஸ்திரிகிட்டப் போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பீடியையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம், "ஒரு மணி நேரம்னு அவரு வாயால சொன்னாரா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "சரி, பாக்கலாம்."

காலையில அஞ்சரைக்கு முதல் வண்டி. டெக்னீஷியன் வந்தான், கேனோட. மூணாவது வண்டி மறுபடியும் லேட், ஸ்லம்ப் 90. எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க. அட்மிக்ஸர் ஊத்தி டிரம்மை வேகமா சுத்தவிட்டோம். கணக்குக்கு ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷம் யாரும் பேசலை, டிரம் சத்தம் மட்டும்தான். மறுபடி கோன் வெச்சேன், 130. பம்ப் ஆப்பரேட்டர் தலையாட்டினார். லைன் அடைக்கலை.

நாலாவது வண்டிக்கு மேஸ்திரியே கிட்ட வந்து, "குடு மேடம், நான் ஒருவாட்டி தூக்கறேன்"னார். கோன் நேரா, நிதானமா, அஞ்சு விநாடியில மேல வரணும். அவர் வாளி தூக்கற மாதிரி ஒரே இழுவையா இழுத்தார், கான்கிரீட் ஒரு பக்கமாச் சாய்ஞ்சுடுச்சு. சித்தாள் அக்காங்க வாயைப் பொத்திக்கிட்டாங்க. அவரும் சிரிச்சார். மறுபடி நான் எடுத்தேன், 120.

டாய்லெட் இன்னும் வரலை. ஷீட்டு வந்து கீழ கெடக்குது.

ஆம்பூர்காரி | ஞாயிறு, இரவு 8.10

அந்தப் பழைய தளம் என்ன ஆச்சு? இப்ப மரியாதையா நடத்தறாங்களா?

காட்பாடி_சிவில் | அடுத்த வாரம், சனி, இரவு 10.20

28 நாள் ரிசல்ட் வந்துச்சு. மூணு செட்டும் 33-க்கு மேல. இருபது வருஷ அக்கா சொன்ன வார்த்தையை மேனேஜர் அப்படியே சொன்னார், "பாஸ் ஆயிருச்சேம்மா." எல்லாம் முதல் வண்டின்னு நான் எழுதி வெச்சதைக் காட்டினேன். படிச்சுட்டு பைல்ல வெச்சுட்டார். ஒரு காலேஜ் லேப்ல ஹாமர் வாங்கி அடியில அடிச்சுப் பார்த்தேன். முதல் வண்டிப் பகுதியைவிட மூணாவது வண்டிப் பகுதி கொஞ்சம் கம்மியாத்தான் காட்டுது. கோர் கேக்கற அளவுக்கா இல்லையான்னு எனக்கே முடிவு பண்ணத் தெரியலை. கோர் எடுக்கலை.

அதனால பால்கனிக்குக் கீழ இருக்கற ஜாக்கியை மட்டும் நான் கழட்ட விடலை, மேல மாடி வேலை முடியற வரைக்கும் நிக்கட்டும்னு. இன்னிக்குக் காலையில மேஸ்திரி அந்த ஜாக்கி வேணும்னு நேரா என்கிட்ட வந்து கேட்டார். தம்பி பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தான், அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. முடியாதுன்னு காரணத்தோட சொன்னேன். "சரி மேடம்"னு போனார்.

மதியம் தம்பி வந்து சொன்னான், அவன்கிட்டயும் ஒருவாட்டி கேட்டுப் பார்த்திருக்கார்னு.